ஐம்பத்தொன்பது துண்டுகள்

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே காலை எட்டு மணி. பேசியவர் எங்கள் ஊர்ப் பக்கம் காப்பாரில் உள்ள ரப்பர் கையுறைத் தொழிற்சாலையின் ஊழியர். கிள்ளான்காரப் பெண். நாங்கள் எடுத்த எட்டு நிமிடப் படத்தோடு ஒரு வணிகக் கண்காட்சிக்காக இரண்டு நாள் முன்னால் விமானம் ஏறியிருந்தார்.

"அண்ணே, சிடி ஓட மாட்டேங்குதுண்ணே."

"எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டீங்க?"

"மூணுல போட்டுட்டேன். ஹோட்டல்ல ஒண்ணு, ஸ்டால் போடுற கம்பெனில ரெண்டு. உள்ள ஒண்ணுமே இல்லன்னு சொல்லுது."

நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் முதல் மாடியில் இருந்த வீடியோ நிறுவனத்தில் வேலை செய்தேன். தொண்ணூறுகளின் கடைசி. பதினெட்டு வருடம் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்துவிட்டு, ஆட்குறைப்பில் வெளியே வந்து, விளம்பரப் படங்களுக்கும் தொழிற்சாலைப் படங்களுக்கும் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். நிறுவனத்தில் மூன்று பேர். முதலாளி, படத்தொகுப்பாளர், நான். அதற்கு மேல் ஆள் தேவையென்றால் நாள் கூலிக்கு வருவார்கள்.

தொகுப்பாளர் செந்தூலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவர். அழைப்பை அவரிடம் கொடுத்தேன். இரண்டு கேள்வி கேட்டார். பிறகு ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"செஷன மூடாம குடுத்துட்டேன் அண்ணே."

எங்கள் இடத்தில் அது வழக்கம். வெற்று சிடி விலை அதிகம் என்பதால், பதிந்தபின் அதை மூடி முடிக்காமல் திறந்தே வைப்போம். வாடிக்கையாளர் எப்படியும் திருத்தத்தோடு திரும்பி வருவார், அதே சிடியில் மிச்ச இடத்தில் பதிந்துகொள்ளலாம் என்பது முதலாளியின் கணக்கு. திறந்த சிடியைப் பதிந்த இயந்திரம் படிக்கும். மற்றச் சாதாரண இயந்திரங்களுக்கு அது வெறும் தட்டு. கிளம்பும் முன் அந்தப் பெண்ணுக்குப் படத்தை ஓட்டிக் காட்டினோம். பதிந்த அதே இயந்திரத்தில்தான் ஓட்டினோம்.

அவருடைய நிலைமை எங்களுக்குத் தெரியும். அவர் கொள்முதல் பிரிவில் எழுத்தராக இருந்தவர். விற்பனைப் பிரிவுக்கு மாற்றம் கேட்டு இரண்டு வருடம் அலைந்தார். கண்காட்சியில் வழக்கமான டேப்பும் டிவியும் வேண்டாம், கம்ப்யூட்டரில் படம் காட்டலாம் என்று சொன்னது அவர்தான். "சரி, நீயே போய்ச் செஞ்சு காட்டு" என்று மேலாளர் அனுப்பிவைத்தார். நன்றாக நடந்தால் விற்பனைப் பிரிவு. நடக்காவிட்டால் பழைய நாற்காலி. மேலாளர் திங்கள் இரவு விமானத்தில் கிளம்பி அங்கே வரவிருந்தார்.

கண்காட்சி புதன்கிழமை. ஆனால் அரங்கு அமைக்கும் நிறுவனம் செவ்வாய் நண்பகலில் கம்ப்யூட்டர்களை வேனில் ஏற்றிவிடும். அதற்குள் படம் உள்ளே இருக்க வேண்டும். அவர்களுடைய நண்பகல் எங்களுக்கு மாலை ஏழு மணி. கூரியரில் அனுப்பினால் மூன்று நாள், நான்கு நாள்.

"ஈமெயில்ல அனுப்பு லா" என்றார் முதலாளி. அவருக்கு ஈமெயில் என்பது பேக்ஸைவிட வேகமான பேக்ஸ்.

கோப்பு எண்பத்திரண்டு மெகாபைட். தொகுப்பாளர் அதை அப்படியே கடிதத்தோடு இணைத்து அனுப்பும் பொத்தானை அழுத்தினார். திரையில் மணல்கடிகாரம் வந்து நின்றது. இருபது நிமிடம் கழித்தும் நின்றது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். இணையச் சேவை நிறுவனத்துக்கு போன் செய்தேன். ஒரு கடிதத்துக்கு உச்ச வரம்பு இரண்டு மெகாபைட் என்றார்கள்.

கோப்பை வெட்டும் சிறிய மென்பொருள் ஒன்று தொகுப்பாளரிடம் இருந்தது. பெரிய கோப்பைத் துண்டு துண்டாக்கும். மறுமுனையில் வரிசையாக ஒட்டினால் பழையபடி ஒன்றாகும். இரண்டு இரண்டு மெகாபைட்டாக வெட்டினார். நாற்பத்தொரு துண்டு. முதல் துண்டு மோடத்தில் போய்ச் சேர ஏறக்குறைய கால் மணி நேரம் ஆனது. போய்ச் சேர்ந்ததும் திரும்பி வந்தது. வரம்பை மீறிவிட்டதாம்.

"ரெண்டுன்னான், ரெண்டுதானே அனுப்பினோம்?" என்றார் தொகுப்பாளர்.

மறுபடி போன். இம்முறை எடுத்த மலாய்க்காரர் பொறுமையானவர். ஈமெயில் வெறும் எழுத்துகளைக் கொண்டுபோகச் செய்யப்பட்டது. படத்தை இணைத்தால் மென்பொருள் அதை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்பும். மாற்றும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்துவிடும். இரண்டு மெகாபைட் துண்டு வாசலுக்குப் போகும்போது இரண்டே முக்கால். உள்ளே விட மாட்டார்கள்.

ஒன்று புள்ளி நான்காக வெட்டினோம். ஐம்பத்தொன்பது துண்டு. முதல் துண்டு போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது திரும்பி வந்தது. இம்முறை காரணம் வேறு. அந்தப் பெண்ணின் அஞ்சல்பெட்டியின் மொத்தக் கொள்ளளவே ஐந்து மெகாபைட். இரண்டு துண்டில் பெட்டி நிரம்பிவிட்டது. ஒவ்வொரு துண்டையும் அவர் ஹோட்டல் தொலைபேசி வழியாக இறக்கி, பெட்டியைக் காலி செய்தால்தான் அடுத்ததை அனுப்ப முடியும்.

மாலை ஆறு மணிக்கு அவர் மறுபடி அழைத்தார். குரல் மாறியிருந்தது.

"அண்ணே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? மேனேஜர் பையர்ஸ் லிஸ்ட் அனுப்பியிருக்காரு, மெயில்பாக்ஸ் ஃபுல்லுன்னு திரும்பிப் போயிருக்கு. ஹோட்டலுக்கு போன் பண்ணிக் கத்துறாரு. அங்க போய் என்ன புடுங்கிட்டு இருக்கேன்னு கேக்குறாரு."

"படத்தப் பத்தி சொன்னீங்களா?"

"சொல்லலண்ணே. சொன்னா அவ்ளோதான்."

  பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அரங்கு நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு சர்வர் இருக்கிறது. ஈமெயில் வேண்டாம், நேராக அதில் ஏற்றிவிடுங்கள் என்கிறார்கள். ஆனால் கணக்கு திறக்க வேண்டியவர் மண்டபத்தில் கம்பி இழுத்துக்கொண்டிருக்கிறார், மாலையில்தான் அலுவலகம் திரும்புவார். அரை மணி நேரத்தில் பேக்ஸில் முகவரியும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்தன. எங்கள் நேரம் செவ்வாய் காலையிலிருந்து செல்லும் என்று கீழே எழுதியிருந்தது.

"நான் பேப்பர்ல இருக்கும்போது இப்படித்தான் அச்சகத்துக்கு மேட்டர் அனுப்புவோம். எனக்குத் தெரியும்" என்றேன். முதலாளிக்கு நிம்மதி. மறுநாள் சுங்கை பூலோவில் ஒரு படப்பிடிப்பு இருந்தது. தொகுப்பாளர் அங்கே போகலாம், அனுப்புவதை நான் பார்த்துக்கொள்வேன் என்று முடிவாயிற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு துண்டுக்கு ஏழு நிமிடம். ஐம்பத்தொன்பதுக்கு ஏழு மணி நேரம். காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் மூன்றரை, மூன்றே முக்காலுக்கு முடியும். மூன்று மணி நேரத்துக்கு மேல் கையில் மிச்சம்.

ஒரே சிக்கல் தொலைபேசி. அலுவலகத்துக்கு ஒரே இணைப்பு. பேச்சு, பேக்ஸ், மோடம் மூன்றும் அதில்தான். அதன் கிளை ஒன்று கீழ்த்தளத்துக்கும் போனது. கீழே சேலை ரவிக்கை தைக்கும் ஆன்டி ஒருவர் முதலாளியிடம் உள்வாடகைக்கு இருந்தார். அவர் ரிசீவரைத் தூக்கினால் மோடத்தின் இணைப்பு அறுந்துவிடும். காலையில் அவரிடம் போய்ச் சொன்னேன்.

"ஆன்டி, இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் போனத் தொடாதீங்க."

"ஒரு நாள் பூராவா? கஸ்டமர் கூப்பிட்டா?"

"கூப்பிட்டாலும் அடிக்காது. என்கேஜ்டா இருக்கும்."

"அப்ப நான் ஏன் தொடப் போறேன்?" என்று சிரித்தார். என் முன்னாலேயே ரிசீவர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார்.

எட்டரைக்கு இணைந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கைகள் பழைய கட்டளைகளைத் தானாகத் தட்டின. ஒவ்வொரு துண்டும் போய் முடிந்ததும் ஒரு வரி வரும். அச்சடித்து வைத்திருந்த பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பென்சிலால் குறி போட்டேன். அறையில் சன்னல் ஒன்றுதான், அதுவும் ஏசி பொருத்தியதால் அடைபட்டது. கழிப்பறைக்குப் போவதென்றால்கூட ஒரு துண்டு முடியக் காத்திருந்தேன். காரணமில்லை. நான் போனாலும் அது போய்க்கொண்டுதான் இருக்கும்.

பத்தரைக்குச் சற்றுப் பின் பதினெட்டாவது துண்டு முடிந்தது. மறுமுனையில் வந்து சேர்ந்தவற்றின் பட்டியலைக் கேட்டு ஒரு கட்டளை கொடுத்தேன். பத்திரிகைப் பழக்கம். மேட்டர் அனுப்பினால் அச்சகத்தில் எத்தனை வரி வந்தது என்று கேட்டு ஒப்பிடுவோம். பதினெட்டுப் பெயர்களும் இருந்தன. பக்கத்தில் அளவு.

என் காகிதத்தில் முதல் துண்டு பதினான்கு லட்சம் பைட். திரையில் இருபத்தொரு பைட் குறைவு. இரண்டாவதில் பத்தொன்பது குறைவு. மூன்றாவதில் இருபத்தாறு. பதினெட்டில் ஒன்றுகூடச் சரியாக இல்லை. எல்லாமே இருபதையொட்டிக் குறைவு.

பதினான்கு லட்சத்தில் இருபது என்பதை யாரும் கவனிக்காமல் விடலாம். நான் பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி குறைந்தாலும் பார்க்கப் பழகியவன். பார்த்தேன். புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று.

அந்தக் கறுப்புத் திரைக்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று எழுத்துக்கு, மற்றது மற்ற எல்லாவற்றுக்கும். நாமாக மாற்றாவிட்டால் எழுத்து முறையில்தான் இருக்கும். எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வரி முடிகிறது என்பதைக் காட்ட இரண்டு குறிகள். அவர்களுடைய சர்வரில் ஒன்று போதும். எழுத்து முறையில் அனுப்பினால் அந்த ஜோடியைப் பார்க்கும் இடத்திலெல்லாம் ஒன்றை எடுத்துவிடும். செய்திக்கு அது உதவி. படத்தில் வரிகள் கிடையாது. அந்த ஜோடி தற்செயலாக அங்கங்கே வரும். அங்கெல்லாம் ஒரு பைட்டைப் பிடுங்கிவிட்டால் ஒட்டிய பின் படம் படமாக இருக்காது. நான் பத்திரிகையில் இருந்தவரை எழுத்தைத் தவிர வேறெதையும் அனுப்பியதில்லை. அந்த இன்னொரு முறைக்கான சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை. நேற்று மாலை "எனக்குத் தெரியும்" என்றது இதைத்தான்.

பதினெட்டையும் அழித்தேன். முறையை மாற்றினேன். பத்தே முக்காலுக்கு ஒன்றாவது துண்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். புதுக் கணக்குப்படி மாலை ஐந்தே முக்கால். மிச்சம் ஒன்றேகால் மணி நேரம். அதில்தான் அவர்கள் ஒட்ட வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும், கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். முதல் துண்டு போனதும் அளவைப் பார்த்தேன். சரியாக இருந்தது.

பதினோரு மணிக்கு முதலாளி வந்தார். என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

"என்ன, மூணாவதா? எட்டரைக்கு ஆரம்பிக்கிறேன்னு சொன்னீங்களே?"

"லைன் போயிடுச்சு பாஸ்" என்றேன். "மொதல்லேர்ந்து அனுப்புறேன்."

நான் சொன்னது அவ்வளவுதான். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நேராகக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். படிக்கட்டு வழியாகச் சத்தம் மேலே வந்தது.

"ஆன்டி, எத்தன வாட்டி சொல்றது? போனத் தொடாதீங்கன்னு சொன்னாரா இல்லையா?"

"நான் தொடலையே."

"தொடாம எப்படி லைன் போகும்? ஜெர்மன்ல ஒரு பொண்ணு உக்காந்து அழுவுது. உங்களால ரெண்டு மணி நேரம் போச்சு!"

"ஐயோ, சத்தியமா எடுக்கல. இந்தா பாருங்க, துணி போட்டு மூடி வச்சிருக்கேன்."

"துணிய யாரு வேணா எடுத்துட்டுப் போடலாம். அலாமா! ஒரு நாள் வாய மூடிட்டு இருக்க முடியலையா உங்களுக்கு?"

என் நாற்காலிக்கும் படிக்கட்டுக்கும் எட்டு அடி இருக்கும். எழுந்து போய் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். என்ன வாக்கியம் என்றும் தெரியும். அந்த வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. திரையில் மூன்றாவது துண்டு பாதியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலாளி மேலே வந்தபோது கையில் கீழ்த்தளத்தின் தொலைபேசிப் பெட்டியே இருந்தது. கம்பியோடு கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அதன் பிறகு யாரும் வெளியே போகவில்லை. முதலாளி எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அலுவலக எண்ணில் எங்களை யாரும் கூப்பிட முடியாது, நாங்களும் யாரையும் கூப்பிட முடியாது. மதியம் தொகுப்பாளர் சுங்கை பூலோவிலிருந்து மூன்று பொட்டலம் சோற்றோடு வந்தார். மேசை ஆடக் கூடாது என்று தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேசை ஆடினால் என்ன ஆகும் என்று எவரும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு முதலாளியின் கைத்தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். அந்தப் பெண்.

"எத்தனண்ணே?"

"முப்பத்தாறு."

"இப்பத்தான் முப்பத்தாறா? நேத்து இந்நேரம் முடிஞ்சிரும்னு சொன்னீங்களே!"

"கீழ ஆன்டி போன எடுத்துட்டாங்க" என்று முதலாளி பக்கத்திலிருந்து கத்தினார். "இப்பப் புடுங்கி வச்சாச்சு. பயப்படாத."

"அங்கிள், மேனேஜர் ஹோட்டலுக்கு வந்துட்டாரு. கீழ காபி குடிச்சிட்டு இருக்காரு. படம் ரெடியான்னு கேட்டாரு. ரெடின்னு சொல்லிட்டேன்."

நாலு மணி பத்துக்கு இணைப்பு உண்மையாகவே அறுந்தது. நாற்பத்தாறாவது துண்டின் நடுவில். காரணம் தெரியவில்லை; கீழே தொலைபேசியே இல்லை. மறுபடி இணைந்து, அந்த ஒரு துண்டை மட்டும் முதலிலிருந்து அனுப்பினேன். பன்னிரண்டு நிமிடம் போயிற்று. துண்டாக வெட்டியதன் பயன் அதுதான். இணைப்பு அறுந்தால் கையிலிருக்கும் துண்டு மட்டுமே போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முதலாளி இதை யோசித்துப் பார்த்திருந்தால் காலையில் நான் சொன்னதை நம்பியிருக்க மாட்டார். அவர் யோசிக்கவில்லை. தொகுப்பாளர் யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

ஐந்து ஐம்பதுக்கு ஐம்பத்தொன்பதாவது துண்டு முடிந்தது. பட்டியலைக் கேட்டு எல்லா அளவுகளையும் ஒப்பிட்டேன். ஒரு பைட்டும் குறையவில்லை. இணைப்பைத் துண்டித்தேன். மூன்று பேரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆறேகால். ஆறரை. அது அடித்தபோது மணி ஆறு நாற்பது.

"ஒட்டியாச்சுண்ணே" என்றார். "ஓடுது. கேளுங்க."

ரிசீவரை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார் போலிருக்கிறது. நான் எழுதிய முதல் வாக்கியத்தை அறிவிப்பாளரின் குரல் சொல்வது கேட்டது. அதற்கு மேலாக ஒரு ஜெர்மன்காரர் எதையோ தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வேன் காத்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் கிள்ளானிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். விற்பனைப் பிரிவுக்கு மாற்றல் கடிதம் கிடைத்துவிட்டது. சாக்லேட் பெட்டிகள் கொண்டுவந்திருந்தார். என்னிடம் கொடுக்கும்போது, "நீங்க இல்லன்னா நான் இன்னேரம் பழைய சீட்ல பில் ஒட்டிட்டு இருப்பேன் அண்ணே" என்றார். வாங்கிக்கொண்டேன்.

வழியனுப்பக் கீழே இறங்கினேன். ஆன்டி தையல் இயந்திரத்தில் இருந்தார். அவருடைய தொலைபேசி இன்னும் திரும்பிப் போயிருக்கவில்லை. பேச வேண்டுமென்றால் மேலே வந்து, "போன் எடுக்கலாமா?" என்று வாசலிலேயே நின்று கேட்பார்.

"நீங்கதானா அந்த ஆன்டி?" என்று அந்தப் பெண் சிரித்தார். "என்னக் கொல்லப் பாத்தீங்களே!" சொல்லிக்கொண்டே ஒரு சாக்லேட் பெட்டியை அவர் மேசையில் வைத்தார்.

ஆன்டி எழுந்து நின்றார். கையில் இருந்த ரவிக்கைத் துணியை மடித்தார். அன்று முதலாளியிடம் சொன்னதையே சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை, சத்தியமாக எடுக்கவில்லை என்று. அப்படிச் சொன்னால் நான் பேசியிருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

"தப்பா எடுத்துக்காதம்மா" என்றார். "வேல மும்முரத்துல மறந்து எடுத்திருப்பேன் போல. எனக்கே ஞாபகம் இல்ல."